மாப்பிள்ளைக்கு 8, பெண்ணுக்கு 1: வரவேற்பு மேடையில் என்ன பேசுவது?

திருச்சித் தாய்மாமன் | 18-01-2025, இரவு 9.40

அக்கா மகனுக்கு பிப்ரவரி 10 முகூர்த்தம். முந்தின நாள் ஞாயிறு மாலை வரவேற்பு. மேடையில் நான்தான் வாழ்த்திப் பேச வேண்டுமாம். "பதினாறும் பெற்றுன்னு ஆரம்பிக்காதீங்க மாமா, எங்க பிறந்த நம்பரை வச்சு ஜாலியா ஏதாவது சொல்லுங்க" என்கிறான். அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எண் கணிதம் ஒரு பொழுதுபோக்கு. பைக் நம்பரைக் கூட்டிப் பார்த்து வாங்கிய ஆள்.

அவன் 17-8-1996. பிறவி எண் 8, தேதி முழுவதையும் கூட்டினால் 41, விதி எண் 5. அவள் 28-3-1998. பிறவி எண் 1, முழுத் தேதி 40, விதி எண் 4.

சிக்கல் அந்த 8தான். பெண்ணின் அப்பத்தா தேதியைக் கேட்ட அன்றே முகத்தைச் சுளித்தவர். பொருத்தம் நன்றாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். எட்டைச் சொல்லாமல் பேச முடியாது, சொன்னால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது. யாராவது இப்படிப் பேசியிருக்கிறீர்களா?

எண்ஜோதி | 18-01-2025, இரவு 10.15

சூரியனும் சனியும் அப்பன் பிள்ளை, ஆனால் பகை. 1க்கும் 8க்கும் ஆகாது. எட்டாம் வாய்ப்பாட்டையே பாருங்களேன்: 8, 16, 24, 32. இலக்கங்களைக் கூட்டினால் 8, 7, 6, 5. தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் பெரியவர்கள் எட்டை ஒதுக்கினார்கள். விதி எண்ணை மட்டும் எடுத்துப் பேசுங்கள். 5 புதன், நல்லது. 4 ராகு. அதையும் கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றுபிள்ளைக்காரி | 18-01-2025, இரவு 10.50

என் சின்ன மகன் பெயரில் ஒரு 'a' சேர்க்கச் சொல்கிறார்கள், இப்போது கூட்டு எண் 26 வருகிறது. சேர்த்தால் ஆதாரில் மாற்ற வேண்டுமா?

திருச்சித் தாய்மாமன் | 19-01-2025, காலை 7.05

அம்மா, இது கல்யாணப் பேச்சு. பெயர் விஷயம் எனக்குத் தெரியாது.

நேற்று இரவு உட்கார்ந்து எழுதியது இது: "எட்டுக்கு அதிபதி சனி பகவான், உழைப்பாளி, எதையும் மெதுவாகச் செய்தாலும் உறுதியாகச் செய்வார். ஒன்றுக்கு அதிபதி சூரியன், தலைமை தாங்கப் பிறந்தவள். உழைப்பும் தலைமையும் சேர்ந்தால்..."

படித்துப் பார்த்தால் ராசி பலன் பக்கம் மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளை மெதுவானவர் என்று அவன் அலுவலக நண்பர்கள் முன்னால் சொல்வது வேறு.

வாய்ப்பாட்டு வாத்தி | 19-01-2025, மாலை 6.30

முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன், எண் கணிதத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் எண்ஜோதி பாதி தூரம் சரியாகத்தான் போயிருக்கிறார், அப்புறம் நின்றுவிட்டார். எட்டாம் வாய்ப்பாடு 8, 7, 6, 5 என்று இறங்குவது உண்மை. ஒன்றுக்கு வந்ததும் (8×8=64, 10, 1) அடுத்தது 72, அதாவது 9. அதற்கு அடுத்தது 80, மறுபடி 8. தேய்ந்து காணாமல் போவதில்லை, ஒன்பதுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது.

இப்போது பெண்ணின் எண்ணை அதன் பக்கத்தில் வையுங்கள். ஒன்றாம் வாய்ப்பாடு 1, 2, 3, 4. அவர் ஒரு படி இறங்கும்போது அவள் ஒரு படி ஏறுகிறாள். முதல் ஆண்டு 8, 1. இரண்டாம் ஆண்டு 7, 2. மூன்றாம் ஆண்டு 6, 3. எந்த ஆண்டை எடுத்தாலும் இருவரையும் கூட்டினால் 9 மாறாது. எட்டு இறங்குவதுதான் அங்கே வேலையே செய்கிறது. அது இறங்காவிட்டால் கூட்டுத்தொகை நிலைக்காது.

காரணம் கேட்பீர்கள். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவது என்றால், ஒன்பதால் வகுத்து மீதியை எடுப்பதுதான். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி 1, நூறை வகுத்தாலும் 1. அதனால் இலக்கம் எந்த இடத்தில் இருந்தாலும் அதன் மதிப்பு மட்டும் மீதியில் சேரும். எட்டும் ஒன்றும் ஒன்பது என்பதால், எத்தனை மடங்கு எடுத்தாலும் மீதி எஞ்சாது. மீதி எஞ்சாத இடத்தில்தான் இவர்கள் 9 என்று எழுதுகிறார்கள்.

இதை மேடையில் விளக்காதீர்கள். வாய்ப்பாட்டை மட்டும் சொல்லுங்கள், சபையே கூட்டிக்கொள்ளும்.

திருச்சித் தாய்மாமன் | 19-01-2025, இரவு 8.10

சார், காலில் விழ வேண்டும்.

காகிதத்தில் பத்து ஆண்டுக்கும் எழுதிப் பார்த்தேன். நாலாம் ஆண்டு 5, 4. ஐந்தாம் ஆண்டு 4, 5. அங்கே பெண் முந்திவிடுகிறாள். எட்டாம் ஆண்டு 1, 8, முழுவதும் இடம் மாறிவிட்டது. ஒன்பதாம் ஆண்டு இருவருமே 9. பத்தாம் ஆண்டு மறுபடியும் 8, 1. புதுமாப்பிள்ளை, புதுப்பெண்! பேச்சுக்கு ஒரு கதையே இருக்கிறது இதில். சனியும் வேண்டாம், சூரியனும் வேண்டாம்.

விதி எண்களும் 5, 4. அதுவும் கூட்டினால் 9. இதைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். சேர்த்தால் பிறவி எண், விதி எண் என்று இரண்டையும் விளக்க வேண்டி வரும். பசியில் இருக்கிற கூட்டத்துக்கு ஒன்று போதும்.

எண்ஜோதி | 20-01-2025, காலை 9.20

பிறந்த நேரம் என்ன? அதைக் கேட்காமல் எல்லோரும் எட்டு எட்டு என்கிறீர்கள்.

திருச்சித் தாய்மாமன் | 20-01-2025, காலை 9.55

விடியற்காலை மூன்றே முக்கால். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் இருந்தேன்.

எண்ஜோதி | 20-01-2025, காலை 10.10

அப்படியானால் சூரியன் உதிக்கவில்லை. நம் கணக்கில் நாள் விடியலில்தான் பிறக்கும். அவர் 16ஆம் தேதிக்காரர், பிறவி எண் 7. எட்டுப் பயமே இல்லை!

வாய்ப்பாட்டு வாத்தி | 20-01-2025, மதியம் 1.00

ஜாதகம் எழுதுகிறவர் முதல் நாள் கிழமையைப் போடுவது சரி, பஞ்சாங்க நாள் உதயத்தில்தான் மாறும். ஆனால் நீங்கள் கூட்டுவது ஆங்கிலத் தேதியை. ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறும். ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றின் எல்லையை அதற்குப் போடுவது எப்படி? மேலும் 7 என்று வைத்தால் ஏழும் ஒன்றும் எட்டு, இருவர் தொகையே எட்டாம் வாய்ப்பாடாக இறங்க ஆரம்பிக்கும். பேச்சு போயிற்று.

எண்ஜோதி | 20-01-2025, மதியம் 1.25

பேச்சுக்காகப் பிறந்த நேரத்தை மாற்ற முடியுமா சார்? எங்கள் குருநாதர் உதயம்தான் பார்ப்பார்.

திருச்சித் தாய்மாமன் | 20-01-2025, இரவு 9.00

இந்தச் சண்டை இங்கே தீராது. அவன் தன்னை எட்டு என்றுதான் சொல்லிக்கொள்கிறான், அவளும் அப்படித்தான் அவனைக் கேலி செய்கிறாள். அவர்கள் எண்ணுகிற எண்ணைத்தானே நான் எடுக்க வேண்டும்.

ஒரு லாபம் கிடைத்தது. காலண்டரில் பார்த்தால் இருவரும் பிறந்தது சனிக்கிழமை. எட்டும் சனி, கிழமையும் சனி என்று யாராவது ஆரம்பித்தால் ஜாதகத்தைக் காட்டிவிடலாம், அதில் அவனுக்கு வெள்ளி என்றுதான் இருக்கும். மேடையில் கிழமைப் பேச்சே எடுக்கப் போவதில்லை.

ஜூன் மாதத்தான் | 21-01-2025, காலை 8.45

தேதியை எங்கிருந்து எடுத்தீர்கள்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கல்யாணத்தில் நண்பன் இதேபோல் எண் வைத்துப் பேசினான், ஆதாரில் இருந்த ஜூன் தேதியை எடுத்து. அது முதல் வகுப்பில் சேர்க்கும்போது வயது பொருந்த வேண்டும் என்று போட்ட தேதி. நான் பிறந்தது ஐப்பசி மழையில். என் அம்மா கீழே இருந்து "அது பொய்த் தேதிடா" என்று சத்தம் போட, கூட்டம் சிரித்த சிரிப்பில் வாழ்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்தநாள். விசாரியுங்கள்.

திருச்சித் தாய்மாமன் | 21-01-2025, மதியம் 12.30

1998இல் ஆஸ்பத்திரியில் பிறந்த பெண், பிறப்புச் சான்றிதழ் உண்டு. இருந்தாலும் சம்பந்தியிடம் கேட்டேன். 28தான். பிறந்தது காலை பத்து மணிக்கு மேல். எண்ஜோதி நிம்மதியாக இருக்கலாம்.

சிங்கைச் செல்வி | 21-01-2025, இரவு 10.00

எட்டுக்கு ஏன் இவ்வளவு பயம்? இங்கே சீனர்களுக்கு எட்டு என்றால் உயிர். அவர்கள் மொழியில் செழிப்பைக் குறிக்கும் சொல்போல ஒலிக்குமாம். வண்டி எண்ணில் எட்டு வர ஏலத்தில் பணம் கட்டுவார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை 8-8-2008 பார்த்துத் தொடங்கினார்கள். என் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் மாப்பிள்ளை எட்டு என்றால் பெண் கொடுத்து வீடும் கொடுப்பார். அப்பத்தாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

திருச்சித் தாய்மாமன் | 22-01-2025, காலை 6.50

அப்பத்தாவுக்கு சீனர் நம்பிக்கையைச் சொன்னால் இன்னும் மோசமாகும்.

நம் பக்கத்திலேயே இருக்கிறதே. அட்டலட்சுமி எட்டு. எண்சாண் உடம்பு. "எண்குணத்தான்" என்று குறளின் முதல் அதிகாரமே சொல்கிறது. எட்டு அவ்வளவு கெட்டதாக இருந்தால் லட்சுமிக்கு எப்படிப் பொருந்தியது? அட்டலட்சுமியை ஒரு வரி சேர்க்கிறேன். அப்பத்தா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் பூஜைக்குப் போகிறவர்.

இன்னொரு வேடிக்கை. நாம் எல்லோரும் வாய் கூசாமல் சொல்கிற பதினாறு இருக்கிறதே, கூட்டு எண் பலன் புத்தகங்களில் அதற்கு இடி விழுந்த கோபுரம் என்று படம். கல்யாணத்தில் ஒவ்வொருவரும் அதைத்தான் வாழ்த்தாகச் சொல்கிறோம், யாரும் எழுந்து போனதில்லை. எழுதி வைத்தேன், மேடைக்கு அல்ல.

பந்தி விசாரிப்பு | 22-01-2025, மாலை 4.15

நான் நிறைய மண்டபங்களில் மைக் பிடித்திருக்கிறேன். ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. "ஏழும் இரண்டும்?" என்று கேட்டு சபையை "ஒன்பது!" என்று கத்த வைக்கத்தானே திட்டம்? செய்யாதீர்கள். பின்வரிசைப் பையன்கள் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியும். மாப்பிள்ளையைப் பார்த்து அதைக் கத்தினால் ஒரு இளிப்பு வரும். அந்த இளிப்பு யார்மேல் போய் விழும் என்றும் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

செவ்வாய்க்கு உரிய எண் அது, தோஷம் என்று கிளம்புகிறவர்களைக் கூடச் சமாளிக்கலாம். இதைச் சமாளிக்க முடியாது.

திருச்சித் தாய்மாமன் | 22-01-2025, இரவு 11.20

நல்ல வேளை சொன்னீர்கள். பேச்சின் முதுகெலும்பே அந்த எண் என்பதால் தூக்கம் போய்விட்டது.

இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். சபையிடம் கூட்டுத்தொகையைக் கேட்கப் போவதில்லை. பெண்ணின் எண்ணைக் கேட்கிறேன். "இரண்டாம் வருடம் பெண்?" "இரண்டு!" சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கூட்டுத்தொகையை நான் சொல்கிறேன், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரு பெயராக: நவதானியம், நவரத்தினம், நவராத்திரி. மணமேடை ஓரத்தில் முளைவிட்ட பாலிகைக் கிண்ணங்கள் இருக்கும், கையைக் காட்டினால் போதும். எண்ணை அதன் பெயரில் சொல்லாமலே ஒப்பேற்றிவிடலாம்.

திருச்சித் தாய்மாமன் | 26-01-2025, காலை 10.30

இப்போதைக்கு இது:

"மாப்பிள்ளை 17ஆம் தேதி. ஒன்றும் ஏழும் எட்டு. பெண் 28ஆம் தேதி. இரண்டும் எட்டும் பத்து, பத்தைக் கூட்டினால் ஒன்று. எட்டு வீட்டுக்கு வருகிறது என்றால் அட்டலட்சுமி வருகிறாள் என்று அப்பத்தாவுக்குத் தெரியும். எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாருங்கள். எட்டு, பதினாறு, இருபத்து நான்கு. கூட்டினால் எட்டு, ஏழு, ஆறு. மாப்பிள்ளை வருடத்துக்கு ஒரு படி இறங்கி வருகிறார். பெண்? ஒன்று, இரண்டு, மூன்று. வருடத்துக்கு ஒரு படி ஏறுகிறாள். முதல் வருடம் எட்டும் ஒன்றும் சேர்ந்தால் நவதானியம், வீட்டில் அரிசி பருப்பு நிறையட்டும். இரண்டாம் வருடம் அவர் ஏழு, பெண்? சேர்ந்தால் நவரத்தினம், மாப்பிள்ளை கவனிக்க. மூன்றாம் வருடம் அவர் ஆறு, பெண்? சேர்ந்தால் நவராத்திரி, கொலுவுக்கு எல்லோரையும் கூப்பிடுங்கள். ஐந்தாம் வருடம் அவர் நாலு, அவள் ஐந்து. பெண் முந்திவிட்டாள். அதற்கு ஐந்து வருடம் ஆகும் என்று மாப்பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறார். பத்தாம் வருடம் கணக்குப் போட்டால் மறுபடி எட்டு, ஒன்று. இதே மேடை, இதே மாலை. அப்போதும் என்னையே பேசக் கூப்பிடுங்கள்."

முடிவு பலமாக இல்லை. அவர்கள் வருங்காலம் பத்து வருடத்தோடு நிற்கக் கூடாது.

வாய்ப்பாட்டு வாத்தி | 26-01-2025, மாலை 5.00

அறுபதாம் கல்யாணத்தைப் போட்டுப் பார்த்தேன். 1996 ஆகஸ்ட் தாது வருடம். அறுபது சுற்றி 2056இல் தாது மறுபடி வரும், அவருக்கு அறுபது நிறையும். அந்த ஆண்டு வருவது 31ஆம் திருமண நாள். எட்டை 31ஆல் பெருக்கினால் 248, கூட்டினால் 14, அதைக் கூட்டினால் 5. பெண்ணுக்கு 31, அதாவது 4. ஐந்தும் நாலும்! நீங்கள் சேர்க்கலாமா வேண்டாமா என்று விட்ட விதி எண்கள் இவைதானே.

எண்ஜோதி | 26-01-2025, மாலை 5.12

பார்த்தீர்களா! நம்பிக்கை இல்லை என்றவர் வாயாலேயே வந்தது.

வாய்ப்பாட்டு வாத்தி | 26-01-2025, மாலை 5.30

தம்பி, 4ஆம் ஆண்டிலும் அதே ஐந்தும் நாலும்தான். 13, 22 ஆகிய ஆண்டுகளிலும் அதேதான். ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை வந்துதான் தீரும். இருப்பதே ஒன்பது ஜோடி, அதில் ஒன்று பொருந்தாமல் போனால்தான் அதிசயம். மேடைக்கு அழகு, அவ்வளவுதான்.

திருச்சித் தாய்மாமன் | 26-01-2025, இரவு 9.15

மேடைக்கு அழகுதானே வேண்டும். ஆனால் விதி எண்ணை எடுக்கவில்லை. கடைசி வரி: "2056இல் மாப்பிள்ளைக்கு அறுபது. அவர் ஐந்து, அவள் நாலு, கணக்கு அப்போதும் தப்பாது. எல்லோரும் திருக்கடையூரில் சந்திப்போம், பந்திக்கு இப்போதே சொல்லிவிட்டேன்."

எண்பதாவது வயதையும், ஆயிரம் பிறையையும் சேர்க்கலாம் என்று அக்கா சொல்கிறாள். இழுத்தால் பந்தி ஆறிவிடும்.

திருச்சித் தாய்மாமன் | 11-02-2025, இரவு 8.00

முடிந்தது. மெல்லிசைக் குழு இரண்டு பாட்டுக்கு நடுவில் மைக் கொடுத்தார்கள், தபேலாக்காரர் வாசித்துக்கொண்டே இருந்தார். அது ஒரு வகையில் நல்லதாகிவிட்டது. "பெண்?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டினார், பெண்ணின் தோழிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருடத்தோடு நிறுத்த முடியவில்லை, "நாலு!" என்று அவர்களே கத்தினார்கள். கையில் நவம் தீர்ந்துவிட்டதால் நவக்கிரகம் என்றேன், ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள் என்று சமாளித்தேன். ஐந்தாம் வருடத்துக்குப் பெண் வீட்டார் பக்கம் விசில்.

வாய்ப்பாடு சொல்லும்போது இருபத்து நான்கைத் தாண்டக் கூடாது. முப்பத்திரண்டு, நாற்பது என்று போனபோது சபை மனக்கணக்கில் இறங்கி, முகங்கள் என்னைவிட்டுப் போனது தெரிந்தது. ஐந்தாம் வருடத்துக்கு நேராக விடையைச் சொல்லியிருந்தால் போதும்.

அப்பத்தா பந்தியில் கூப்பிட்டார். "அப்போ எட்டு தனியா இருந்தாத்தான் ஆகாதுங்கிறியா?" என்றார். நான் பாயசம் வாங்கப் போய்விட்டேன்.

எண்ஜோதி | 11-02-2025, இரவு 8.40

அவர் கேட்டது நியாயமான கேள்வி.

சித்திரை மாப்பிள்ளை | 12-02-2025, காலை 11.00

எனக்கு ஏப்ரலில் கல்யாணம். நானும் அவளும் வெவ்வேறு மாதம், ஆனால் இருவருமே 14ஆம் தேதி. 5, 5. கூட்டினால் பத்து, ஒன்பது வராது. எங்களுக்கு இந்த விளையாட்டு இல்லையா?

மூன்றுபிள்ளைக்காரி | 12-02-2025, காலை 11.30

ஆதார் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

வாய்ப்பாட்டு வாத்தி | 12-02-2025, மதியம் 2.10

அம்மா, இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

மாப்பிள்ளைத் தம்பி, உங்களுடையது இன்னும் சுலபம். ஐந்தும் ஐந்தும் பத்து, அதாவது ஒன்று. ஒன்றின் வாய்ப்பாட்டில் முதல் ஆண்டு 1, இரண்டாம் ஆண்டு 2, ஏழாம் ஆண்டு 7. எத்தனையாவது ஆண்டோ அதுவே உங்கள் தொகை. தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து, ஒன்று, ஆறு, இரண்டு என்று இருவரும் ஒரே நேரத்தில் மேலும் கீழும் குதிப்பீர்கள், ஒருவர் ஏறும்போது மற்றவர் இறங்குவதே கிடையாது. சேர்ந்து பார்த்தால் மட்டும் ஒழுங்காக ஏறும். பேசப்போகிறவரிடம் சொல்லுங்கள். 14ஆம் தேதி உண்மைத் தேதிதானா என்று முதலில் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.